முப்பத்து மூன்று கட்டி

2019ஆம் ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு திருச்சிராப்பள்ளிக்குப் புறப்பட்டோம். நாங்கள் என்றால் ஆசிரியர் தொழில் பார்க்கும் கணவன் மனைவி இருவர், ஐந்தாம் ஆண்டில் பயின்ற எங்கள் மகள், மூன்றாம் ஆண்டில் பயின்ற மகன், எழுபது வயதான பாட்டி ஆகிய ஐவர். எங்கள் பயணத்தில் கண்ட ஊர்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆயினும், புறப்படுவதற்கு முந்திய இரவும் மறுநாள் காலையும் நாங்கள் போட்ட கூட்டல் கணக்குதான் இன்றும் எங்கள் நினைவில் நிற்கிறது. ஆகவே அதனையே எழுதுகின்றோம்.

பாட்டி போகக் காரணம் அவருடைய அக்காள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்ற நிலை வந்தபோது, நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினர். பாட்டியின் பெற்றோரும் அக்காளும் 1970இல் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினர். பாட்டிக்கு அப்போது புதிதாய்த் திருமணமாகியிருந்தது. அவர் இங்கேயே நின்றுவிட்டார். நாற்பத்தொன்பது ஆண்டுகளாகக் கடிதமும், பிற்பாடு தொலைபேசியும்தான். உடல்நிலையைக் காரணம் காட்டிப் பயணத்தை மறுத்துக்கொண்டே இருந்தவர், நாங்கள் நால்வரும் சீட்டு எடுத்து முடித்து மூன்று வாரம் சென்ற பின், “நானும் வர்றேன்” என்றார். அவருக்கென்று தனியாக ஒரு சீட்டு எடுத்தோம். தனியாக எடுத்தோம் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

விமானத்தின் வயிற்றில் போகும் பெட்டிகளுக்கு நாங்கள் பணம் கட்டியிருந்த அளவு, எங்கள் நால்வருக்கும் சேர்த்து 60 கிலோ, பாட்டிக்கு 20 கிலோ. கையோடு எடுத்துச் செல்லும் பை ஆளுக்கு 7 கிலோ. அந்தக் கைப்பைகள் ஐந்தும் ஏற்கெனவே 7 கிலோவை முட்டிக்கொண்டிருந்தன. எஞ்சியவை ஐந்து பெட்டிகள். நான்கு எங்களுடையவை, ஒன்று பாட்டியுடையது.

எங்கள் வீட்டில் இருந்தது ஆள் ஏறி நின்று எடை பார்க்கும் சிறிய தராசு. முள் சுற்றிக் கிலோவைக் காட்டும். பெட்டியை நேரே அதன்மேல் வைத்தால் பெட்டியே எண்களை மறைத்துவிடும். ஆகையால் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். எங்களுள் கணவரானவர் முதலில் வெறுங்கையோடு ஏறினார். முள் 68இல் நின்றது. பிறகு ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு ஏறினார். மகள் குறித்துக்கொண்டு 68ஐக் கழித்தாள். முதலில் தராசைப் பாயின்மேல் வைத்திருந்தோம். மெத்தென்ற இடத்தில் வைத்தால் இத்தகைய தராசு சரியாகக் காட்டாது. பிறகுதான் அது நினைவுக்கு வர, சிமெண்டுத் தரைக்கு மாற்றி, மறுபடியும் முதலிலிருந்து நிறுத்தோம்.

பெரிய கெட்டிப் பெட்டியோடு 86. ஆகவே பெட்டி 18. இரண்டாவது 84, ஆகவே 16. மூன்றாவது 81, 13. நான்காவது 80; 12. நான்கும் கூட்டினால் 59. பாட்டியின் பெட்டியோடு 87 காட்டியது. ஆகவே அது 19. எல்லாம் சேர்ந்து 78 கிலோ. “இன்னும் 2 கிலோ இடம் இருக்கு!” என்று மகள் கூவினாள்.

அவள் அதோடு நிற்கவில்லை. கணக்கைச் சரிபார்க்கும் பழக்கம் அவளுக்குண்டு. மூன்றாவது, நான்காவது பெட்டிகள் சிறியவை ஆதலால், இரண்டையும் இரு கைகளில் தூக்கிக்கொண்டு ஏறும்படி தந்தையிடம் சொன்னாள். முள் 94 காட்டியது. 68 போக 26. “தனித்தனியா 13ம் 12ம், சேர்த்தா 25தானே வரணும்? எப்படி 26 ஆச்சு?” என்று கேட்டாள். முள் ஆடுகிறது, மூச்சு வாங்குகிறது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். ஆசிரியர்களாகிய நாங்கள் அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். இரவு பத்தரை மணி ஆகிவிட்டிருந்தது என்பதைத் தவிர வேறு சாக்குச் சொல்ல எங்களிடம் இல்லை.

2 கிலோ இடம் இருக்கிறது என்று காதில் விழுந்ததும் பாட்டி உள்ளே போனார். பழைய சாரோங்கில் இறுகக் கட்டிய ஒரு மூட்டையைக் கொண்டு வந்து தம் பெட்டிக்குள் வைத்தார். சமையலறைத் தராசில் அது சரியாக 2 கிலோ இருந்தது. உள்ளே என்ன என்று கேட்டதற்கு, “அக்காளுது” என்றார். 78உம் 2உம் 80. எங்களுக்கு நிறைவாக இருந்தது.

பாட்டிக்கு மட்டும் அந்த முள் தராசில் நம்பிக்கை பிறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கிய டாச்சிங்கை எடுத்து வரச் சொன்னார். தாத்தா ஓய்வு நேரத்தில் காய்கறி பயிரிட்டு விற்ற காலத்தில் வாங்கியது அது. இன்றைய பிள்ளைகள் டாச்சிங்கைப் பார்த்திருக்க மாட்டார்கள். நீண்ட கோலில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். ஒரு முனையில் கொக்கி. அதற்குச் சற்று உள்ளே தூக்கிப் பிடிக்கும் கயிறு. மறுபுறம் நூலில் தொங்கும் இரும்புக் குண்டைப் புள்ளி புள்ளியாக நகர்த்த வேண்டும். கோல் எந்தப் புள்ளியில் தரைக்குச் சமமாக நிற்கிறதோ அதுவே எடை. கனமான பொருளென்றால், தூக்குக் கயிற்றை ஒரு கம்பில் மாட்டி இருவர் தோள் கொடுப்பார்கள். நாங்கள் இருவரும் தோள் கொடுத்தோம். மூட்டையை வெளியே எடுத்து வைத்துவிட்டு முதலில் பெட்டியை மட்டும் மாட்டினோம். பாட்டி குண்டை நகர்த்தினார். முப்பத்தொன்றே முக்கால் கட்டி. மூட்டையையும் சேர்த்தபோது முப்பத்தைந்து கட்டி.

1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பிறகு நம் நாட்டு வாணிகம் படிப்படியாகக் கிலோவுக்கு மாறிவிட்டது. பாட்டியின் கணக்கோ இன்றும் கட்டியில்தான் ஓடுகிறது. ஒரு கட்டி ஏறக்குறைய 605 கிராம். மகள் பெருக்கிப் பார்த்தாள். 33 கட்டியைப் பெருக்கினால் 19 கிலோ 965 கிராம், அதாவது 20 கிலோவுக்கு ஒரு கைப்பிடி குறைவு. “அப்படின்னா 33 கட்டிக்கு மேல போகக்கூடாது. இது 35. ரெண்டு கட்டி கூட” என்றார் பாட்டி.

“மொத்தம் 80தானே அம்மா? உங்க பெட்டியில கூடினா எங்க பெட்டியில குறையும். ஒன்னும் ஆகாது” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனோம்.

எங்களுள் மனைவியானவருக்கு மட்டும் உறக்கம் வரவில்லை. எழுந்து சீட்டுகளை எடுத்துப் பார்த்தார். எங்கள் நால்வர் பெயரும் ஒரே பதிவு எண்ணின் கீழ் இருந்தன. பாட்டியின் சீட்டில் வேறு பதிவு எண். எங்கள் விமான நிறுவனத்தின் விதிப்படி, ஒரே பதிவு எண்ணின் கீழ் உள்ளவர்கள்தாம் தங்கள் எடையை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதையும் அனுமதிக்காத நிறுவனங்கள் உண்டு என்பதால், சீட்டு எடுக்கும்போதே விதியைப் படிப்பது நல்லது. ஆக, எங்களிடம் 80 கிலோ என்ற ஒன்று இருக்கவே இல்லை. 60 ஒன்று, 20 ஒன்று என இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருந்தன. ஒரு கணக்கில் மிஞ்சும் இடம் மற்றதற்கு உதவாது. ஒரே குடும்பம், ஒரே விமானம், அடுத்தடுத்த இருக்கை; ஆனாலும் பாட்டியின் பெட்டி 20ஐத் தாண்டினால் தாண்டியதுதான்.

விடிந்ததும் ஐந்து பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, தோட்டத்து முச்சந்தியில் இருக்கும் மளிகைக் கடைக்குப் போனோம். அங்கே அரிசி மூட்டை நிறுக்கும் பலகைத் தராசு இருக்கிறது. நூறு கிராம் வரை எண்ணிலேயே காட்டும். பெட்டியை நேரே வைக்கலாம். எதையும் கழிக்க வேண்டியதில்லை. கெட்டிப் பெட்டி 18.6. இரண்டாவது 16.4. மூன்றாவது 13.7. நான்காவது 12.3. மகள் முதல் இரண்டையும் சேர்த்து 35 என்றாள். பின் இரண்டையும் சேர்த்து 26 என்றாள். மொத்தம் 61. இரவில் 59 என்று எண்ணியிருந்தது விடிந்ததும் 61 ஆகிவிட்டது. பாட்டியின் பெட்டி, மூட்டை இல்லாமல் 19.2, மூட்டையோடு 21.2. டாச்சிங் சொன்ன முப்பத்தொன்றே முக்காலையும் முப்பத்தைந்தையும் மகள் பெருக்கிக் காட்டினாள். அதே எடைதான். பாட்டி ஒன்றும் பேசவில்லை. கடைக்காரரைப் பார்த்து இலேசாகச் சிரித்தார்.

இரவுக் கணக்கு எங்கே பிசகியது? மகன் விளையாட்டாகத் தந்தையைப் பலகைத் தராசில் ஏற்றியபோது விடை கிடைத்தது. அவர் எடை 67.6 கிலோ. வீட்டு முள் தராசில் அரைக் கிலோவுக்குக் கீழே கண்ணால் பிரித்துப் பார்க்க இயலாது. 67.6ஐ 68 என்றே படித்தோம். அதில் 400 கிராம் கூடுதல். அந்த 68ஐ ஒவ்வொரு பெட்டிக்கும் கழித்தோமே, அப்பொழுதெல்லாம் ஒவ்வொரு பெட்டியும் 400 கிராம் குறைந்துபோயிற்று. ஐந்து முறை கழித்ததில் 2 கிலோ காணாமற் போனது. பெட்டியோடு ஏறி நின்றபோதும் முள்ளைப் படித்ததில் பிழை உண்டு. ஆனால் அது ஒன்றில் கூடும், மற்றொன்றில் குறையும். கூட்டி முடிக்கும்போது பெரும்பாலும் ஒன்றையொன்று தின்றுவிடும். எங்கள் ஐந்திலும் அது கடைசியில் 200 கிராம்தான் வந்தது. உடம்பின் எடையில் நேர்ந்த பிழையோ எப்போதும் ஒரே பக்கம் சாயும். எத்தனை பெட்டியோ அத்தனை மடங்கு பெருகும்.

மகள் இரண்டு பெட்டிகளைச் சேர்த்துத் தூக்கச் சொன்னபோது 26 வந்ததன் காரணமும் இதுவே. இரண்டுக்கும் சேர்த்து ஒரே முறைதான் 68ஐக் கழித்தோம். ஆகவே பிழையும் ஒரே முறைதான் புகுந்தது. தனித்தனியே நிறுத்ததும் சேர்த்து நிறுத்ததும் ஒத்து வராதபோதே தராசு எங்களுக்கு உண்மையைச் சொல்லிவிட்டது. கேட்டவள் மகள், கேளாதவர்கள் நாங்கள். முள் தராசு ஒன்றுதான் கையில் உண்டு என்பவர்கள், தூக்க முடிந்த மட்டும் இரண்டிரண்டாகச் சேர்த்து நிறுத்தால் கழித்தல் குறையும், பிழையும் குறையும்.

இப்போது என்ன செய்வது? எங்கள் பக்கம் 1 கிலோ கூடுதல். பாட்டி பக்கம் 1.2 கிலோ கூடுதல். முகப்பில் போய்ப் பணம் கட்டலாம் என்றால், அங்கே கூடுதல் கிலோவுக்குக் கேட்கும் தொகை, முன்கூட்டியே வாங்குவதைவிட மிக அதிகம். முன்கூட்டி வாங்கும் நேரமும் கடந்துவிட்டது. எல்லாவற்றையும் இரண்டே பெரிய பெட்டிகளில் அடைத்துவிடலாமா என்று கடைக்காரர் கேட்டார். தூக்கி ஏற்றும் தொழிலாளர்களின் முதுகைக் கருதி ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் போகலாகாது என்று விதி இருக்கிறது. அத்தனை பெரிய பெட்டிக்கு நாங்கள் எங்கே போவது?

“மூட்டையைக் கையில வச்சுக்கிறேன்” என்றார் பாட்டி. அப்போதுதான் அவிழ்த்துக் காட்டச் சொன்னோம். கடைப் பலகையின்மேல் சாரோங்கை விரித்தார். உள்ளே ஒரு பித்தளைச் செம்பு, இரண்டு பீங்கான் பால் மங்குகள், பால்மரம் சீவும் கத்தி ஒன்று. கத்தியின் மரப்பிடி கறுத்து, விரல் படும் இடத்தில் குழிந்திருந்தது. கப்பல் ஏறிய காலையில் அக்காள் விட்டுச் சென்றவை. “வந்து எடுத்துக்கிறேன், பத்திரமா வைனு சொன்னா” என்றார் பாட்டி.

கத்தியை விமானத்திற்குள் கையோடு கொண்டுபோக முடியாது. சோதனையிலேயே வாங்கிப் போட்டுவிடுவார்கள். அது பெட்டிக்குள்தான் போக வேண்டும். அதைச் சொன்னதும் பாட்டி தம் பெட்டியைத் திறந்து சேலைகளை வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினார். “எனக்கு ரெண்டு சேலை போதும்” என்றார். நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அக்காளைப் பார்க்கப் போகிறவர் கட்டிக்கொள்ள எடுத்து வைத்த சேலைகள் அவை. எங்களுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. எங்கள் பெட்டிகளில் மைலோவும் பிஸ்கட்டும் கோடாலித் தைலமும் போர்வைகளும் நிறைந்து கிடந்தன.

அப்போது மகன் கேட்டான், “வெறும் பெட்டி எவ்வளவு கனம்?”

யாரும் அதை நிறுத்துப் பார்த்ததில்லை. கெட்டிப் பெட்டியைக் கடை வாசலிலேயே காலி செய்து தராசில் வைத்தோம். 4.7 கிலோ! சக்கரம், கைப்பிடி, கெட்டி ஓடு, பூட்டு எல்லாம் சேர்ந்து அத்தனை கனம். நாங்கள் அந்தப் பயணத்திற்கென்றே ஆசையாக வாங்கியது அது, விலையும் அதிகம். அதில் ஏறக்குறைய கால் பங்கு எடையை ஒன்றுமில்லாததற்காகச் சுமந்துகொண்டிருந்தோம். கடைக்காரர் உள்ளே போய், பெரிய கித்தான் பை ஒன்றைக் கொண்டு வந்து தராசில் வைத்தார். 1.2 கிலோ. பொருள்களை எல்லாம் அதற்கு மாற்றினோம். 3.5 கிலோ மிச்சம். 61 இப்போது 57.5 ஆயிற்று. புதுப் பெட்டி கடையிலேயே நின்றது. எங்களுள் கணவரானவர் அதை ஒருமுறை திரும்பிப் பார்த்ததை மனைவியானவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு பாட்டியின் பெட்டியிலிருந்து இரண்டு மைலோப் பொட்டலங்களை எடுத்து, 2 கிலோ, கித்தான் பையில் போட்டோம். மூட்டை பாட்டியின் பெட்டியிலேயே இருந்தது. சேலைகள் எல்லாம் உள்ளே திரும்பின. கத்தியின் முனையை அட்டையால் சுற்றிச் சாரோங்கின் நடுவில் வைத்தோம். கடைசியாக நிறுத்தபோது பாட்டியுடையது 19.2. எங்களுடையவை நான்கும் 59.5.

அரைக் கிலோ இடம் விட்டோம் என்ற பெருமையோடு வந்தோம். வீட்டுக்கு வந்து, பெட்டிகள் பிரியாமலிருக்கக் கயிறு போட்டு இறுகக் கட்டினோம். கயிறும் எடைதான் என்பது சிப்பாங் விமான நிலையத்தில்தான் உறைத்தது. முகப்புத் தராசில் கித்தான் பை 17.3 காட்டியது. அடுத்தவை 16.5, 13.7, 12.4. மகள் தாளில் எழுதிக் கூட்டிக்கொண்டே வந்தாள். முகப்பில் இருந்த பெண்மணி கணினியைப் பார்த்துச் சொல்வதற்கு முன்பே, “59.9” என்றாள். கயிறு தின்றது போக மிஞ்சியது நூறு கிராம். பாட்டியின் பெட்டி 19.3. எங்களுக்குப் பக்கத்து வரிசையில் ஒரு குடும்பத்தார் தரையில் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை எடுப்பது எதை விடுவது என்று தங்களுக்குள் சச்சரவிட்டுக்கொண்டிருந்தனர். அவர்களில் ஒரு பாட்டியும் இருந்தார். நாங்கள் அந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை.

திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்திற்குப் பின் ஊர் போய்ச் சேர்ந்தோம். பெரிய பாட்டி வாசல் திண்ணையில் அமர்ந்திருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு பாட்டி பெட்டியைத் திறக்கச் சொன்னார். பெரிய பாட்டி செம்பைத் தொடவில்லை, மங்குகளையும் தொடவில்லை. கத்தியை எடுத்து, சுற்றியிருந்த அட்டையைப் பிரித்து, குழிந்திருந்த பிடியில் விரலைப் பொருத்திப் பார்த்தார். விரல் சரியாகப் பொருந்தியது.

“இத்தனையையும் ப்ளேன்ல எப்படிடி தூக்கிட்டு வந்த?” என்று கேட்டார்.

“என்ன பெரிய கனம்,” என்றார் பாட்டி. “மூணே கால் கட்டிதான் அக்கா.”